விதைப் பொதியின் பின்பக்கம்

மொன்றியலில் மார்ச் மாதம் வெளியே முழங்காலளவு பனி கிடக்கும்போதே கடைகளில் விதைப் பொதித் தாங்கிகளை நிறுத்திவிடுவார்கள். தொண்ணூறுகளில் பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதியில் குடியிருந்த எங்கள் அம்மாமாருக்கு அந்தத் தாங்கியைக் கண்டால் கால் நகராது. முன்பக்கத்தில் கத்தரிக்காய், மிளகாய், வெண்டி என்று வண்ணப் படம் இருக்கும். படத்தைப் பார்த்து வாங்க யாருடைய உதவியும் வேண்டாம். பொதியை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்பக்கம் திருப்பினால்தான் சிக்கல். எத்தனை ஆழம், எத்தனை இடைவெளி, எந்தக் காலம் என்ற மூன்றும் அங்கேதான், பொடி எழுத்துப் பிரெஞ்சில் கிடக்கும். கனடாவின் பொதியிடல் சட்டப்படி பெரிய நிறுவனங்களின் பொதிகளில் பக்கத்தில் ஆங்கிலமும் இருக்கும். ஆனால் இடம் போதாமல் அந்த ஆங்கிலமும் பாதி சுருக்கெழுத்தாகவே அச்சாகியிருக்கும். கியூபெக்கின் சிறிய விதை உற்பத்தியாளர்கள் சிலருடைய பொதியில் பிரெஞ்சு மட்டும்தான்.

அப்போது வாசித்துச் சொன்னது பள்ளிக்கூடப் பிள்ளைகள். 1977இல் வந்த பிரெஞ்சு மொழிச் சாசனம், குடியேறி வந்தவர்களின் பிள்ளைகளைப் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. அதனால் தமிழ் வீடுகளில் எட்டு வயதிலும் பத்து வயதிலும் இருந்தவர்களே வாடகை ஒப்பந்தம், மருந்துப் போத்தல், மின்கட்டணக் கடிதம் எல்லாவற்றுக்கும் வாசிப்பாளர்கள். விதைப் பொதியும் அந்தக் கட்டில் ஒன்றாக எங்கள் குசினி மேசைக்கு வந்தது. நானும் அப்படி வாசித்த பிள்ளைதான்.

அந்த மேசையில் நடந்ததை மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. பிள்ளைக்குப் பிரெஞ்சு தெரியும், தோட்டம் தெரியாது. அம்மாவுக்குத் தோட்டம் தெரியும், பிரெஞ்சு தெரியாது. பிள்ளை எண்களை வாசிக்கும், அம்மா அந்த எண்களைத் தன் கையில் பொருத்திப் பார்ப்பா. "இடைவெளி நாற்பத்தைந்து சென்ரிமீற்றராம்" என்றால், முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை காட்டி, "அப்ப ஒரு முழம்" என்பா. ஆழம் இரண்டு சென்ரிமீற்றர் என்றால் ஒரு விரற்கடை. இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ என்றால் ஒரு சாண். எந்த விதையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்தவருக்கு அந்த எண் சரியா பிழையா என்பதும் கேட்ட உடனே தெரிந்துவிடும். பிள்ளை பிழையாக வாசித்தால், "கத்தரி விதையை அவ்வளவு ஆழத்தில புதைச்சா எப்பிடி முளைக்கும்? திருப்பி வாசி" என்று வரும்.

ஆழத்தையும் இடைவெளியையும் இப்படிச் சமாளித்தார்கள். காலம்தான் சமாளிக்க முடியாததாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பயிர்க்காலத்தைத் தீர்மானிப்பது தண்ணீர். வடகீழ்ப் பருவமழையை நம்பி நெல் விதைப்பார்கள், கிணற்றுத் தண்ணீரை நம்பி மிளகாயும் வெங்காயமும் வைப்பார்கள். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியும் மழைக் கணக்குத்தான். இரண்டிலும் மாதப் பெயரே கட்டளை. மொன்றியல் பொதியில் பல பயிர்களுக்கு மாதமே போட்டிருக்காது. கடைசி உறைபனிக்கு இத்தனை கிழமை முன்னதாக வீட்டுக்குள் விதைக்கவும், உறைபனி அபாயம் எல்லாம் நீங்கிய பின் வெளியே நடவும் என்றுதான் இருக்கும். எங்கள் வீட்டு உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"எந்த மாதம் எண்டு போட்டிருக்கு?"

"மாதம் போடேல்லை அம்மா. கடைசிக் குளிர் உறையிற நாளுக்கு எட்டுக் கிழமைக்கு முதல் எண்டு கிடக்கு."

"அந்த நாள் எப்ப?"

"அது இதில இல்லை."

உண்மையில் அது பொதியில் இருக்க முடியாது. ஒரே பொதி வன்கூவரிலும் விற்கும், மொன்றியலிலும் விற்கும், இன்னும் வடக்கே குளிர் கூடிய ஊரிலும் விற்கும். ஒவ்வோர் ஊருக்கும் கடைசி உறைபனி நாள் வேறு. பொதியை எழுதியவர் அந்த நாளை வாசகரின் கையில் விட்டுவிட்டு, அதிலிருந்து முன்னும் பின்னும் எண்ணச் சொல்கிறார். அந்த ஒரு நாள் தெரியாவிட்டால் பொதியில் உள்ள காலக் குறிப்பு முழுவதையும் வாசித்தாலும் பயனில்லை.

எங்கள் தெருவில் அதைச் சொன்னவர்கள் கிரேக்கப் பாட்டிமார். பார்க்-எக்ஸ்ரென்ஷனில் எங்களுக்கு முன்னே குடியேறியிருந்த கிரேக்கர்கள் முற்றத்திலும் பின்வளவிலும் தக்காளி, கத்தரி, வெண்டிகூட வைப்பார்கள். அவர்கள் கன்றை வெளியே கொண்டுவந்தால் எங்கள் அம்மாவும் கொண்டுவருவா. இரண்டு பேருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. 1975இல் தொடங்கிய மாநகரச் சமூகத் தோட்டங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பக்கத்துப் பாத்திக்காரரே பஞ்சாங்கம். பக்கத்துப் பாத்தியில் நடப்பதைப் பார்த்து நட்டவர்கள், பொதியின் அந்த வரியை யாரும் விளக்காமலே காலத்தைப் பிடித்தார்கள்.

அந்த நாள் மொன்றியலில் எப்போது என்பதை நான் பின்னர் தெரிந்துகொண்டபோது, அதை அம்மாவுக்குச் சொல்வது மிக எளிதாகிவிட்டது. பிரெஞ்சுக் கத்தோலிக்க மரபில் மே 11, 12, 13 ஆகிய மூன்று நாட்களுக்குப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்று பெயர். அதற்குமுன் மென்மையான கன்றை வெளியே வைக்காதே என்பது பழைய விவசாயிகளின் வழக்கு. இங்கே தோட்டக்காரர் பலர் இன்னும் கொஞ்சம் பொறுத்து, மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும் தேசபக்தர் நாள் விடுமுறையில் நடுவார்கள். ஏப்ரில் முடிவிலேயே உறைபனி நின்றுவிடும் ஆண்டுகளும் உண்டு, மே நடுவில் ஓரிரவு திரும்பி வரும் ஆண்டுகளும் உண்டு. அதனால்தான் இந்தப் பொறுமை. நமக்கு மே 14 அல்லது 15இல் வைகாசி பிறக்கிறது. ஆகவே, "வைகாசி பிறந்து ஒரு கிழமை கழிய வெளியே நடலாம்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பொதியில் எட்டுக் கிழமைக்கு முன் என்று இருந்தால், அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண மார்ச் கடைசிக் கிழமை, அதாவது பங்குனி நடு. அம்மா அதற்குப் பிறகு காலத்தைப் பற்றி என்னிடம் கேட்கவேயில்லை.

இப்போது பொதி மேசைக்கு வருவதில்லை, அதன் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது. லாசாலிலிருந்து ஒரு மாமி, டொலார்-டெ-ஒர்மோவிலிருந்து ஒரு அண்ணா, சில வேளைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்து மகள் வீட்டில் நிற்கும் ஒரு அம்மா. "தம்பி, இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காச் சொல்லும்" என்று குரல் பதிவு தொடரும். அந்த வீடுகளில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். என் தலைமுறையைவிட அவர்களுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆனால் நாற்று, பாத்தி, களைந்து விடுதல் என்பவை அவர்களுக்குப் பழக்கமில்லாத சொற்கள். அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கி, பாதியில், "இது என்னெண்டு தெரியேல்லை" என்று நிறுத்திவிடுவார்கள். முன்பு மேசையின் இரு பக்கமும் சேர்ந்து ஒரு விளக்கம் ஆனது. இப்போது அந்த இரு பக்கமும் வெவ்வேறு வீடுகளில், நடுவில் ஒரு படம் மட்டும்.

படம் என்பதில் ஓர் இடர் உண்டு. பொதியைக் கையில் வைத்திருப்பவருக்குப் பொதி முழுவதும் தெரியும். படம் எடுப்பவரோ தனக்கு முக்கியம் என்று தோன்றியதை மட்டும் எடுக்கிறார், பெரும்பாலும் முன்பக்கத்தை. பின்பக்கம் எடுத்தாலும் மேல்விளிம்பைக் கிழித்த பிறகே எடுப்பார். பொதி ஆண்டும் காலப் பட்டையும் அந்தக் கிழிந்த துண்டில் போய்விட்டிருக்கும். பளபளக்கும் தாளில் மின்விளக்கு விழுந்து சரியாக ஆழம் எழுதிய இடத்தில் வெள்ளையடித்திருக்கும். ஆகவே நான் முதலில் கேட்பது இரண்டு பக்கத்தையும், யன்னல் வெளிச்சத்தில், கிழிந்த துண்டோடு சேர்த்து. உள்ளங்கையில் நாலைந்து விதையை வைத்து இன்னொரு படமும் கேட்பேன். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏப்ரில் தொடக்கத்தில் லாசால் மாமி இப்படி அனுப்பிய ஒரு வெண்டிப் பொதியை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சில் அதற்கு கொம்போ என்று பெயர். பின்பக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான்: வீட்டுக்குள் விதைப்பு, கடைசி உறைபனிக்கு 4 கிழமை முன். ஆழம் 1,5 சென்ரிமீற்றர். செடிக்குச் செடி 45 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 90. முளைப்பு 7 முதல் 14 நாள். முதிர்வு 55 நாள். முழு வெயில்.

மாமி அதைப் பார்த்துவிட்டு அனுப்பிய கேள்வி, "ஆழம் ஒன்றிலிருந்து ஐந்து வரையா?" என்பது. நல்ல கேள்வி. பிரெஞ்சில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளிதான் வைப்பார்கள். ஒன்றரையை 1,5 என்றும் அரையை 0,5 என்றும் எழுதுவார்கள். ஆங்கில முறையில் படித்த நம் கண்ணுக்கு அந்தக் காற்புள்ளி ஒன்றும் ஐந்தும் தனித்தனி என்று சொல்கிறது. 0,5 என்பது கைபேசிப் படத்தில் மங்கினால் வெறும் 5 ஆகிவிடுகிறது. அரைச் சென்ரிமீற்றர் ஐந்து சென்ரிமீற்றராகும்போது மிளகாய் விதைக்குக் கல்லறை கட்டியாயிற்று.

சரிபார்க்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, பல பொதிகளில் சென்ரிமீற்றருக்குப் பக்கத்திலேயே அங்குலக் கணக்கும் இருக்கும். பிரெஞ்சில் அங்குலத்துக்கு பூஸ் என்று பெயர், சுருக்கி பி, ஓ என்று இரண்டு எழுத்தில் போடுவார்கள். ஓர் அங்குலம் ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர். பக்கத்தில் அரை அங்குலம் என்று இருந்தால் அது ஒன்றேகால். ஆகவே முன்னால் இருப்பது ஒன்றரைதான், ஐந்தாக இருக்க முடியாது. இரண்டாவது வழிக்குத்தான் உள்ளங்கை விதைப் படம். விதையின் தடிப்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொதுவான கணக்கு. வெண்டி விதை நான்கைந்து மில்லிமீற்றர் தடிப்பு, அதன் மூன்று மடங்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர்வரை போகும். பொதி சொல்வதோடு அது பொருந்துகிறது. கீரை விதைக்கு யாராவது ஐந்து சென்ரிமீற்றர் என்று வாசித்தால் அதே கணக்கு உடனே மறுத்துவிடும்.

விதைக்குள் இருக்கும் உணவு, தளிர் வெளிச்சத்தைத் தொடும்வரைதான் தாங்கும். ஆழம் கூடினால் அந்த உணவு நடுவழியில் தீர்ந்துவிடுகிறது. ஆழம் குறைந்தால் வேறு கேடு. இங்கே மார்ச், ஏப்ரிலில் வீடுகள் வெப்பமூட்டியால் வறண்டு கிடக்கும். யன்னலுக்குக் கீழேயே வெப்பமூட்டி இருப்பதால் தட்டில் மேல்மண் காலையில் நனைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். மேலோட்டமாகக் கிடக்கும் விதை ஊறி, முளைவிட எழும்பும் நேரத்தில் காய்ந்து செத்துப்போகும். ஆகையால் மாமிக்கு நான் சொன்னது: ஓர் இரவு விதையைத் தண்ணீரில் ஊறவையுங்கோ, ஒரு விரற்கடைக்குச் சற்றுக் குறைவாகத் துளை போட்டு, ஒரு துளைக்கு இரண்டு விதை, மேலே ஈரம் காயாமல் மெல்லிய பிளாஸ்ரிக் தாள்.

இரண்டு கிழமை கடந்தும் ஒன்றும் வராவிட்டால் மண்ணை மெல்லக் கிளறிப் பார்க்க வேண்டும். காரணம் மண்ணுக்குள்ளேயே எழுதியிருக்கும். வெள்ளைத் தண்டு சுருண்டு, நுனி மேலே வராமல் கிடந்தால் ஆழம் கூடிவிட்டது, அல்லது மேல்மண் இறுகிவிட்டது. விதை கூழாகி நசிந்தால் குளிரும் ஈரமும். விதை போட்டபடியே கல்லாக இருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை, அல்லது வெப்பம் போதவில்லை. வெண்டிக்கு மண் 18 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இருபத்தைந்துக்கு மேல் என்றால் விரைவாக வரும். குளிர்ந்த யன்னல் ஓரத்தில் வைத்த தட்டு இதில்தான் தோற்கும். விதை முற்றாகக் காலாவதியாகிப் போனதும் உண்டு. அதற்குத்தான் பொதி ஆண்டு தேவை. வெண்டி ஓரிரண்டு வருடம் தாங்கும், வெங்காய விதை அதற்கும் முன்னரே சோர்ந்துவிடும்.

இனிக் காலம். உறைபனி அபாயம் நீங்கும் நாளை மே 22 என்று வைத்தால் நான்கு கிழமை முன் என்பது ஏப்ரில் 24, சித்திரை பிறந்து பத்து நாள். மாமி ஏப்ரில் தொடக்கத்திலேயே படம் அனுப்பியது, அன்றைக்கே விதைத்துவிடும் ஆவலில். முந்தினால் என்ன என்று அவர் கேட்டார். தக்காளியானால் கொஞ்சம் பொறுக்கும், நீண்டு போனால் தண்டைப் புதைத்து நடலாம். வெண்டிக்கு ஆணிவேர். தட்டில் வேர் சுருண்டபின் பிடுங்கி நட்டால் அது வாரக்கணக்கில் சோர்ந்து நிற்கும். அதனால்தான் பொதி நான்கு கிழமை என்று குறுக்கிச் சொல்கிறது, மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டிலிருந்து பத்துக் கிழமை கொடுப்பவர்கள் இதற்கு மட்டும் நான்கு கொடுப்பது அந்த வேருக்காக. சட்டியோடு நடக்கூடிய, மண்ணில் மக்கிப்போகும் சிறு சட்டிகளில் விதைப்பது நல்லது.

உறைபனி முடிந்ததும் வெண்டியை நட்டுவிடலாமா என்றால், அதிலும் பொதியின் வரிக்குள் வராத ஒன்று இருக்கிறது. உறைபனி நின்றது என்றால் தண்ணீர் உறையாது என்பதுதான், வெண்டிக்குப் போதிய சூடு வந்துவிட்டது என்று பொருளில்லை. மே கடைசியில் இங்கே இரவில் எட்டு, ஒன்பது பாகைக்கு இறங்கும். அந்தக் குளிரில் வெண்டி சாகாது, வளரவும் செய்யாது, இலை மஞ்சளாகி நிற்கும். இரவு பன்னிரண்டு, பதின்மூன்று பாகைக்குக் குறையாமல் நாலைந்து நாள் தொடர்ந்து வரும்வரை பொறுத்தால் ஜூன் முதல் கிழமையாகும். அதற்குமுன் ஒரு கிழமை, பத்து நாள் கன்றைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நாற்று நட்டதும் வெயிலுக்குக் கிடுகு மறைப்போ குழையோ குத்திவிடும் கைக்கு இது புதிதில்லை. அங்கே வெயிலுக்குப் பழக்கினோம், இங்கே காற்றுக்கும் குளிருக்கும் சேர்த்துப் பழக்குகிறோம்.

முதிர்வு 55 நாள் என்பதை எங்கிருந்து எண்ணுவது? பொதி அதைப் பெரும்பாலும் சொல்லாது. நேரடியாக மண்ணில் விதைக்கும் அவரை, கரட், முள்ளங்கி போன்றவற்றுக்கு விதைத்த நாளிலிருந்து எண்ணுவது வழக்கம். நாற்றாக நடும் தக்காளி, மிளகாய், கத்தரிக்கு நட்ட நாளிலிருந்து. கத்தரிப் பொதியில் 70 நாள் என்று கண்டு, மார்ச்சில் விதைத்தால் ஜூனில் காய் என்று எண்ணுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அது ஓகஸ்ற் காய். வெண்டி இரண்டு வகையிலும் வளர்வது, நாற்றாக வைத்தால் நட்ட நாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. ஜூன் 4இல் நட்டால் 55 நாள் ஜூலை 29இல் முடியும். முதல் உறைபனி மொன்றியலில் பெரும்பாலும் ஒக்ரோபர் தொடக்கத்தை ஒட்டி வரும், ஆனால் செப்ரெம்பர் நடுவில் இரவு குளிர்ந்ததுமே வெண்டி காய்ப்பதைக் குறைத்துவிடும். மாமியிடம், "ஆடி பாதியிலிருந்து ஆவணி முடியக் காய் பிடுங்கலாம், ஆறேழு கிழமை" என்று சொன்னேன். அந்தப் பொதியில் இருந்த காலக் குறிப்பு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியது.

இடைவெளிக்கு இரண்டு எண் இருக்கும்போது எது எது என்பதில் அடிக்கடி குழப்பம் வருகிறது. ராங் என்று இருந்தால் வரிசை, பிளான் என்று இருந்தால் செடி. 45 என்பது வரிசைக்குள் செடிக்குச் செடி, 90 என்பது வரிசைக்கு வரிசை. மாற்றிப் போட்டால் செடிகளுக்குள் நுழைந்து காய் பிடுங்க வழியிருக்காது. இங்கே சமூகத் தோட்டத்தில் வழக்கமான பாத்தி 3 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம். மூன்று மீற்றர் வரிசையில் 45 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, இரு ஓரத்திலும் 15 சென்ரிமீற்றர் விட்டால், ஏழு வெண்டி நிற்கும். இரண்டு வரிசை போட்டால் பதினான்கு. ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை குழம்புக்குத் தாராளம். மாமிக்கு விளக்கியது இப்படி: செடிக்குச் செடி ஒரு முழம், வரிசைக்கு வரிசை இரண்டு முழம். பொதியின் இரண்டு எண்ணும் அவர் கையிலேயே இருந்தன.

நெருக்கமாக நட்டால் கூடக் காய்க்கும் என்ற எண்ணம் நம்மவரிடம் பலமாக உண்டு, இடம் குறைந்த ஊரில் அது இயல்பும்கூட. பிரெஞ்சுப் பொதியில் எக்லேர்சீர் என்று ஒரு சொல் வரும். முளைத்த பின் இத்தனை சென்ரிமீற்றருக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் களைந்துவிடு என்று பொருள். கரட், பீற்றூட், கீரை எல்லாவற்றுக்கும் அது இருக்கும். விளக்கம் கேட்பவர்களில் பாதிப் பேர் இந்த வரியை நான் சொல்லும்போது பேச்சை மாற்றிவிடுகிறார்கள். முளைத்ததைப் பிடுங்கக் கை வராது. கீரையானால் பிடுங்கியது கறிக்கு ஆகும் என்று சொல்லலாம். கரட்டில் அந்த ஆறுதல் இல்லை, ஆனால் களையாவிட்டால் ஓகஸ்ற்றில் மண்ணுக்குள் பின்னிப் பிணைந்த நூல்கள்தான் வரும். பாகல், புடோல், பூசணிப் பொதிகளில் போகே என்று வரும் இடத்தில் இந்தத் தயக்கம் இருக்காது. அது ஒரு குழிக்கு மூன்று நான்கு விதை போட்டு, பிறகு நல்ல ஒன்றிரண்டை விடுவது. அது ஊரில் நாம் செய்ததேதான், சொன்ன உடனே புரிந்துகொள்வார்கள்.

பல்கனிச் சட்டியில் வைப்பவர்களுக்கு வரிசைக் கணக்கு தேவையில்லை. செடிக்குச் செடி எண்ணை மட்டும் எடுத்துச் சட்டியின் விட்டத்தோடு ஒப்பிட்டால் போதும். 45 சென்ரிமீற்றர் கேட்கும் செடிக்கு 30 சென்ரிமீற்றர் சட்டியில் ஒன்றுதான், இரண்டு வைக்கக்கூடாது.

தொண்ணூறுகளில் எங்கள் வீடுகளில் பொதியில்லாத விதையும் நிறைய இருந்தது. ஊரிலிருந்து வருபவர்கள் வீரகேசரித் தாளில் மடித்து, சீலைக்குள் சொருகிக் கொண்டுவந்த பயத்தங்காய், அவரை, சிறகவரை. அதில் ஆழமோ இடைவெளியோ எழுதத் தேவையில்லை, கொண்டுவந்தவருக்கே தெரியும். காலம் மட்டும் அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது யாருக்கும் தெரியவில்லை. மொன்றியலில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணித்தியாலத்துக்கு மேல். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்கப் பன்னிரண்டை ஒட்டியே. சிறகவரையும் பழைய அவரை இனங்கள் பலவும் பகல் குறுகினால்தான் பூக்கும். ஆகவே அவை ஜூன், ஜூலை முழுக்கக் கொடியை மட்டும் வளர்த்து வேலியை மூடும். செப்ரெம்பரில் பகலும் இரவும் சமமாகும்போது பூக்கும். மூன்று கிழமையில் உறைபனி வந்து பூவோடு கருக்கிவிடும். நீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று அம்மாமார் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்றை மாற்றிப் பார்த்தார்கள். கொடி நல்ல பச்சையாக, ஆரோக்கியமாக, ஒரு பூக்கூட இல்லாமல் நின்றால் அதற்குக் காரணம் மண்ணில் இல்லை, பகலின் நீளத்தில்.

இங்கே விற்கும் பொதியில் 60 நாள் என்று அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் நீண்ட பகலிலும் பூக்கும் இனம் அது. இன்றைக்கு எனக்குப் படம் அனுப்புபவர்கள் சிலர், "இது எங்கட ஊர் அவரை மாதிரியே இருக்கு, பொதி வாங்கத் தேவையில்லை, வீட்டில கிடக்கு" என்பார்கள். விதையைப் பார்த்து அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் கிடப்பதில் நாலு விதையும் பொதி விதையில் நாலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கோ, ஜூலை கடைசியில் எது பூத்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பேன். பிரான்சிலிருந்து உறவினர் அனுப்பும் பொதிகளில் இன்னொரு சிக்கல். மொழி ஒன்றுதான், ஆனால் அதில் அச்சிட்ட மாதப் பட்டை பிரான்சுக்கானது. மார்ச்சில் வெளியே விதைக்கவும் என்று நிறம் தீட்டியிருக்கும். மார்ச்சில் மொன்றியல் மண் கல். அந்தப் பொதியில் ஆழத்தையும் இடைவெளியையும் எடுத்துக்கொண்டு, மாதப் பட்டையை முழுதாக விட்டுவிட வேண்டும்.

எல்லாப் பயிரும் வைகாசிக்குக் காத்திருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். சில பொதிகளில், மண்ணைக் கொத்த முடிந்தவுடன் விதைக்கவும் என்று இருக்கும். பட்டாணி, மல்லி இரண்டும் அந்த வகை. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி, பிறகு விரலால் தட்டினால் உதிர வேண்டும், களியாக ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். மொன்றியலில் அது ஏப்ரில் கடைசி. மல்லியை இங்கே நம்மவர்கள் பலரும் வெயில் வரட்டும் என்று ஜூனில்தான் விதைக்கிறார்கள், அது ஒரு சாண் வளர்ந்து நேரே பூவுக்குப் போய்விடுகிறது. நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் அது அப்படித்தான். அண்மையில் டொலார்-டெ-ஒர்மோ அண்ணா அனுப்பிய மல்லிப் பொதியில் மூன்று கிழமைக்கு ஒருமுறை விதைக்கவும் என்ற வரியும் இருந்தது. அதை அவர் மூன்று கிழமைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவது என்று எடுத்திருந்தார். ஏப்ரில் கடைசியில் ஒரு பிடி, மே நடுவில் ஒரு பிடி, பிறகு கோடையை விட்டுவிட்டு ஓகஸ்ற் நடுவில் ஒரு பிடி. விதையை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து, அரை விரற்கடை ஆழத்தில், என்று குரல் பதிவு அனுப்பினேன். அவர் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ஓகஸ்ற் நடு எண்டா ஆவணி பிறக்கிற நேரமோ?" ஆமாம் என்றேன், ஆவணி பிறக்கும் கிழமையில் போட்டால் புரட்டாசிக்கு இலை, முதல் உறைபனி ஒன்றிரண்டையும் அது தாங்கும்.